வேலை தேடும் பதிவை எழுதுவது எப்படி?

மீள்குடியேறிய பலர் இப்போது முகநூலிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் தமக்கு வேலை தேவை என்று பதிவிடுகிறார்கள். பிரதேசத்துக் கொந்தராத்துக்காரர், கடைக்காரர், வீடு கட்டுபவர் ஆகியோரும் அங்கேயே ஆள் தேடுவதால் இது நல்ல வழிதான். ஆனால் பல பதிவுகளுக்கு "கடவுள் துணை" என்ற ஆறுதல் வார்த்தைகள் வருகின்றனவே தவிர, வேலைக்கான அழைப்பு வருவதில்லை. சில பதிவுகளுக்கு வரும் அழைப்புகள் மோசடிக்காரரிடமிருந்து வருகின்றன. இவை இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே காரணம்தான் இருக்கிறது. அதை ஓர் உதாரணத்தின் மூலம் பார்ப்போம்.

முதலில் எழுதிய பதிவு

தமிழ்நாட்டு முகாமில் பல வருடங்கள் இருந்து திரும்பி, கிளிநொச்சி மாவட்டத்தின் கரைச்சிப் பிரதேசத்தில் குடியேறிய ஒருவர் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

"அண்மையில்தான் ஊர் திரும்பினோம். கொத்தனார் வேலை, டைல்ஸ், பெயிண்டிங், கரண்ட் வேலை எல்லாம் தெரியும். எந்த வேலையானாலும் எந்த ஊரானாலும் செய்யத் தயார். மூன்று பிள்ளைகளுடன் மிகவும் கஷ்டப்படுகிறோம். தயவுசெய்து உதவுங்கள். எல்லோரும் பகிருங்கள்."

பதிவுடன் தன் அடையாள அட்டையின் படத்தையும் அவர் இணைத்திருக்கிறார். தன்னை எல்லோரும் நம்ப வேண்டும் என்பதே அவருடைய எண்ணம்.

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் ரைல்ஸ் பதிக்க ஆள் தேடும் கொந்தராத்துக்காரர் இதைப் படித்தால் அவருக்கு என்ன தெரியவரும்? இவர் ரைல்ஸ் பதிப்பதில் தேர்ந்தவரா, உதவியாளராக நின்றவரா என்று தெரியாது. நாளை பரந்தனுக்கு வர முடியுமா என்று தெரியாது. தொலைபேசி இலக்கமும் இல்லை. ஐந்து கேள்விகள் கேட்டு அறிய வேண்டிய ஆளை விட்டுவிட்டு, ஏற்கெனவே தெரிந்த ஒருவரையே அவர் அழைப்பார்.

"எந்த வேலையானாலும்" என்ற சொல்லைப் பணிவாகவே எழுதுகிறோம். வேலை தருபவருக்கோ அது "எதிலும் தேர்ச்சி இல்லை" என்று கேட்கிறது. மோசடிக்காரருக்கு அதே சொல் "என்ன சொன்னாலும் இவர் நம்புவார்" என்று கேட்கிறது.

தொழிலை இங்குள்ள பெயரால் எழுதுங்கள்

இந்தியாவிலிருந்து திரும்பியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அங்கு கொத்தனார் என்பவரை இங்கு மேசன் என்கிறோம். தச்சு வேலை செய்பவரை ஓடாவி என்று அழைக்கும் இடங்களும் உண்டு. டிரைவர் என்பதைச் சாரதி என்றும், ஆட்டோ என்பதை ஓட்டோ அல்லது முச்சக்கர வண்டி என்றும் எழுதுகிறோம். டைல்ஸ் என்பது இங்கு ரைல்ஸ். முகநூலில் ஆள் தேடுபவர் தமக்குப் பழகிய சொல்லைத்தான் தட்டச்சு செய்வார். "கொத்தனார்" என்று மட்டும் எழுதிய பதிவு "மேசன்" என்று தேடுபவரின் கண்ணில் படாமலே போகக்கூடும். உங்கள் தொழிலுக்கு ஊரில் வழங்கும் பெயரை அயலவரிடம் கேட்டு எழுதுங்கள்.

திறமையை மூன்றாகப் பிரியுங்கள்

ஒரு தாளில் மூன்று பகுதிகள் எழுதிக்கொள்ளுங்கள். முதலாவது, யாருடைய உதவியும் இல்லாமல் நீங்களே முடித்துக் கொடுக்கக்கூடிய வேலை. இரண்டாவது, தேர்ந்த ஒருவருடன் நின்று செய்யக்கூடிய வேலை. மூன்றாவது, செய்யத் தெரியாத அல்லது செய்ய விரும்பாத வேலை.

நமது உதாரணத்தில் உள்ளவர் ரைல்ஸ் பதித்தலையும் பூச்சு வேலையையும் 11 வருடம் தனியாகச் செய்தவர். கல் கட்டு வேலையை மற்றவருடன் சேர்ந்து செய்திருக்கிறார். "கரண்ட் வேலை" என்று அவர் எழுதியது, மின்குமிழ் மாற்றிய அனுபவத்தை வைத்துத்தான். அதைப் பதிவில் சேர்க்கக் கூடாது. அதை நம்பி ஒருவர் வீட்டு மின்னிணைப்பைக் கொடுத்தால் உயிராபத்து ஏற்படலாம். ரைல்ஸ் வேலையில் அவர் சம்பாதித்த நல்ல பெயரும் கெடும்.

முதற் பகுதியில் உள்ளதைப் பதிவின் முதல் வரியில் எழுதுங்கள். இரண்டாம் பகுதியை "சேர்ந்து செய்வேன்" என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். மூன்றாம் பகுதியைப் பெரும்பாலும் எழுதத் தேவையில்லை.

இடத்தையும் போக்குவரத்தையும் சேர்த்து எழுதுங்கள்

"எந்த ஊரானாலும்" என்பதற்குப் பதிலாக, தினமும் வந்துபோகக்கூடிய எல்லையை எழுதுங்கள். எதில் பயணம் செய்வீர்கள் என்பதையும் சொல்லுங்கள். மோட்டார் சைக்கிள் உள்ளவர் போகும் தூரமும், கடைசி பஸ்ஸை நம்பியிருப்பவர் போகும் தூரமும் ஒன்றல்ல. தங்குமிடம் கிடைத்தால் தூரமாகவும் போகத் தயார் என்றால், அதைத் தனி வரியாக எழுதுங்கள்.

வீட்டு முகவரியை எழுத வேண்டாம். பிரதேசத்தின் பெயர் போதும். கணவர் வெளியூரில் இருப்பது, வீட்டில் பெண்கள் தனியாக இருப்பது போன்றவற்றையும் பொதுவெளியில் எழுதக் கூடாது.

திருத்திய பதிவு

"ரைல்ஸ், பூச்சு வேலைக்கு மேசன். கிளிநொச்சி, பரந்தன், முறிகண்டி.

தரைக்கும் குளியலறைச் சுவருக்கும் ரைல்ஸ் பதிப்பேன். உள், வெளிச் சுவர்ப் பூச்சும் செய்வேன். தமிழ்நாட்டில் 11 வருடம் இந்த வேலை செய்தேன். கல் கட்டு வேலையை மற்ற மேசனுடன் சேர்ந்து செய்வேன்.

கொந்தராத்துக்காரரிடம் தொடர்ச்சியான வேலையை விரும்புகிறேன். வீட்டுக்காரரின் சிறு வேலைகளையும் ஏற்பேன். நாட்சம்பளம் அல்லது சதுர அடிக் கணக்கு.

இருப்பது கரைச்சிப் பிரதேசம். மோட்டார் சைக்கிள் உண்டு. தங்குமிடம் தந்தால் முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களுக்கும் வருவேன்.

ரைல்ஸ் வெட்டும் கருவியும் மற்றக் கைக்கருவிகளும் சொந்தமாக உண்டு. மார்ச் 3 முதல் வரலாம்.

தொலைபேசி, வாட்ஸ்அப்: (இலக்கம்). மாலை 5 மணிக்குப் பின் அழைக்கவும். நான் செய்த வேலைகளின் படங்கள் கீழே."

இதில் கஷ்டத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. கஷ்டம் இல்லை என்பதால் அல்ல. உதவி கேட்பதற்குக் கிராம அலுவலரும் பிரதேச செயலகமும் இருக்கின்றன. இந்தப் பதிவு வேலை தருபவரிடம் பேசுகிறது.

அடையாள அட்டையின் இடத்தில் இப்போது மூன்று படங்கள் இருக்கின்றன. ஒன்று முழுத் தரையைக் காட்டுகிறது. ஒன்று சுவரும் தரையும் சேரும் மூலையை அருகில் காட்டுகிறது. மற்றது அவர் வேலை செய்துகொண்டிருக்கும் படம். மூலையையும் இரண்டு ரைல்ஸுக்கு நடுவிலுள்ள இடைவெளியையும் பார்த்தே அனுபவமுள்ள கொந்தராத்துக்காரர் கைத்திறனை அறிந்துகொள்வார். பிறர் வீட்டைப் படமெடுத்திருந்தால் வீட்டுக்காரரின் சம்மதத்தைக் கேளுங்கள். இணையத்திலிருந்து எடுத்த அழகான படத்தைப் போடாதீர்கள்; தொழில் தெரிந்தவர் அதை எளிதில் கண்டுபிடித்துவிடுவார்.

அனுபவம் இருந்தும் சான்றிதழ் இல்லாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில், நீங்கள் ஏற்கெனவே அறிந்த தொழிலைச் செய்துகாட்டி, மதிப்பீட்டில் தேறினால், என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழைப் பெறலாம். தொழிற்பயிற்சி அதிகார சபையின் அருகிலுள்ள நிலையத்தில் இதைப் பற்றி விசாரியுங்கள். சான்றிதழ் கிடைத்ததும் தொழிலின் பெயரையும் மட்டத்தையும் பதிவில் ஒரு வரியாகச் சேர்க்கலாம். சான்றிதழின் படத்தைப் போட வேண்டாம்.

பதிவிட்ட பின்

முகநூலில் பதிவிடும்போது யார் பார்க்கலாம் என்ற இடத்தில் "Friends" என்று இருந்தால் நண்பர்களைத் தவிர வேறு எவரும் பார்க்க முடியாது. இந்த ஒரு பதிவுக்கு மட்டும் "Public" என்று மாற்றுங்கள். அதற்கு முன், உங்கள் பக்கத்தில் பிள்ளைகளின் படங்கள், பாடசாலை விபரம் ஆகியவை பொதுவில் உள்ளனவா என்று பாருங்கள். இலக்கத்தைப் பொதுவில் இட விரும்பாத பெண்கள், "உள்பெட்டியில் செய்தி அனுப்பவும்" என்று எழுதலாம்.

வேலை கிடைத்ததும் பதிவை நீக்குங்கள், அல்லது "வேலை கிடைத்துவிட்டது" என்று மேலே எழுதுங்கள். வேலை கிடைக்காவிட்டால் இரண்டு வாரத்துக்குப் பின் புதிய திகதியுடன் மீண்டும் இடுங்கள். பழைய பதிவைக் காண்பவர், ஆள் இன்னும் வேலைக்கு வரக்கூடியவரா என்று ஐயப்படுவார்.

அழைப்பு உண்மையானதா?

உண்மையாக வேலை தருபவர் வேலையைப் பற்றிக் கேட்பார். எத்தனை சதுர அடி ஒரு நாளில் முடிப்பீர்கள், கருவி உண்டா, நாளை இடத்தை வந்து பார்க்க முடியுமா என்பார். மோசடிக்காரர் உங்கள் தொழிலைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல் பெரிய சம்பளத்தைச் சொல்வார். பிறகு பதிவுக் கட்டணம், சீருடைக் கட்டணம் என்று சிறு தொகை கேட்பார். அடையாள அட்டைப் படம், வங்கிக் கணக்கு விபரம், தொலைபேசிக்கு வந்த இரகசிய இலக்கம் ஆகியவற்றைக் கேட்பவர்களும் உண்டு. அந்த இரகசிய இலக்கத்தை எவருக்கும், எக்காரணத்துக்கும் சொல்லக் கூடாது.

வெளிநாட்டு வேலை என்றால் கூடுதலாகக் கவனியுங்கள். தாய்லாந்தில் கணினி வேலை என்று சமூக ஊடகங்களில் வந்த விளம்பரங்களை நம்பிச் சென்ற இலங்கை இளைஞர்கள் மியன்மாரின் இணைய மோசடி முகாம்களில் சிக்கினார்கள். முகவரின் அனுமதிப்பத்திர இலக்கத்தைக் கேட்டு வாங்கி, அது செல்லுபடியாகுமா என்று இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்தில் விசாரியுங்கள். சுற்றுலா விசாவில் வேலைக்கு அனுப்புகிறோம் என்பவருடன் பேச்சை அத்துடன் நிறுத்திவிடுங்கள்.

பயிற்சி

உங்கள் பதிவை ஒரு தாளில் எழுதி, உங்களை அறியாத ஒருவரிடம் கொடுங்கள். அவர் படித்து முடித்ததும் தாளை வாங்கிக்கொண்டு நான்கு கேள்விகள் கேளுங்கள்:

1. எனக்கு எந்த வேலை நன்றாகத் தெரியும்?
2. நான் எங்கே வேலைக்கு வருவேன்?
3. எப்போதிலிருந்து வருவேன்?
4. என்னை எப்படி அழைப்பது?

நான்குக்கும் அவர் தடையின்றிப் பதில் சொன்னால் பதிவை இடலாம். ஏதாவது ஒன்றில் தடுமாறினால் அந்த வரியை மீண்டும் எழுதுங்கள்.