ரேடார் சார்ட்டில் ஜெயிக்கும் ஸ்கூட்டர்

மின்சார ஸ்கூட்டர் வாங்க நினைக்கும் பெங்களூர்க்காரருக்குத் தேர்வுக்குப் பஞ்சமில்லை. ஏத்தர் தன் முதல் வண்டிகளை 2018-ல் இந்த ஊரில்தான் இறக்கியது. 2020 ஜனவரியில் டிவிஎஸ் ஐக்யூபும் பஜாஜ் சேத்தக்கும் இங்கே அறிமுகமாயின. 2021-ல் ஓலா வந்தது. இப்போது பத்து வண்டிகளை வரிசையில் நிறுத்தி ஒப்பிடச் சொன்னால்கூட ஆச்சரியமில்லை. அந்த ஒப்பீடு ஒருநாள் உங்கள் மேஜைக்கும் வரும்.

எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் ஒரு டெலிவரி நிறுவனத்தில் நீங்கள் அனலிஸ்ட் என்று வைத்துக்கொள்வோம். மேனேஜர் சொல்கிறார்: "பசங்களுக்கு எந்த வண்டி எடுக்கலாம்னு ஒரே ஸ்லைடுல காட்டிடுங்க. ரேடார் சார்ட் போட்டா பார்த்ததும் புரிஞ்சிடும்." ஆறு அம்சம், ஆறு அச்சு, ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு நிறம். எக்செல்லில் ஐந்து நிமிட வேலை. பார்த்ததும் புரியும் என்பதும் உண்மைதான். ஆனால் புரிவது தவறாக இருக்கலாம். எங்கே தவறுகிறது என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். கீழே வரும் வண்டிகளும் எண்களும் உதாரணத்துக்காக நான் வைத்தவை. எந்த நிறுவனத்தின் வண்டியும் அல்ல.

நீல வண்டிக்கு ரேஞ்ச், பிக்கப், சார்ஜ் ஆகும் வேகம் மூன்றிலும் பத்துக்கு 9. விலை, சீட்டுக்கு அடியில் இடம், சர்வீஸ் வசதி மூன்றிலும் 3. சிவப்பு வண்டிக்கு ஆறிலும் 6. இரண்டுக்கும் மொத்தம் 36. கூட்டலில் சமம்.

ரேடாரில் யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. கண் போவது நிறம் அடித்த பரப்புக்கு. பெரிய உருவம்தான் நல்ல வண்டி என்று மனசு முடிவு கட்டிவிடுகிறது. அந்தப் பரப்பு எப்படி வருகிறது? பக்கத்துப் பக்கத்து அச்சுகள் இரண்டும் மையத்தோடு சேர்ந்து ஒரு முக்கோணம் ஆகின்றன. அதன் பரப்பு அந்த இரண்டு மதிப்பெண்களின் பெருக்கலைப் பொறுத்தது. ஆக, ஒரு மதிப்பெண்ணுக்கு எவ்வளவு இடம் கிடைக்கும் என்பதை அதன் அண்டை வீட்டுக்காரர்தான் தீர்மானிக்கிறார்.

நீல வண்டியின் அச்சுகளை ரேஞ்ச், விலை, பிக்கப், இடம், சார்ஜ், சர்வீஸ் என்று மாற்றி மாற்றி அடுக்குங்கள். 9, 3, 9, 3, 9, 3. ஒவ்வொரு ஜோடியின் பெருக்கலும் 27. ஆறு ஜோடிக்கு 162. சிவப்புக்கு ஒவ்வொரு ஜோடியும் 36, மொத்தம் 216. சிவப்பு தெளிவாகப் பெரிது, நீலம் ஒல்லியான நட்சத்திரம்.

இப்போது ரேஞ்ச், பிக்கப், சார்ஜ் மூன்றையும் அடுத்தடுத்து வையுங்கள். 9, 9, 9, 3, 3, 3. பெருக்கல்கள் 81, 81, 27, 9, 9, 27, மொத்தம் 234. சிவப்பு அதே 216-ல் நிற்கிறது. நீலம் ஜெயித்துவிட்டது. ஒரு மதிப்பெண்ணும் மாறவில்லை, வரிசை மட்டும்தான் மாறியது.

ஆறு அச்சுகளை வட்டத்தில் வெவ்வேறாக அடுக்க 60 வழிகள் உண்டு. எண்ணிப் பார்த்தால் அதில் 18-ல் நீலம் பெரிது, 42-ல் சிவப்பு பெரிது. இதில் இன்னொரு கோளாறு ஒளிந்திருக்கிறது. நேர்த்தியாக வேலை செய்கிறவர் என்ன செய்வார்? ஓட்டுவது சம்பந்தப்பட்டவற்றை ஒரு பக்கமும் செலவு, பராமரிப்பு சமாசாரங்களை இன்னொரு பக்கமும் சேர்த்து வைப்பார். ஒரே மாதிரி அம்சங்களில் ஒரு வண்டி சேர்ந்தாற்போல உசத்தியாக இருப்பது சகஜம். எனவே ஒழுங்காக அடுக்குவதே ஒருபக்கம் சாய்ந்த வண்டிக்குக் கூடுதல் பரப்பைத் தந்துவிடுகிறது. ஏமாற்றும் எண்ணம் யாருக்கும் இருக்கவே தேவையில்லை.

உங்கள் சார்ட்டைச் சோதிக்க ஒரு வரி போதும். B முதல் G வரை ஆறு மதிப்பெண். H2-வில் B2-வையே மறுபடி போடுங்கள், வட்டம் மூடட்டும்.

```
=0.5*SIN(2*PI()/6)*SUMPRODUCT(B2:G2,C2:H2)
```

நீலத்துக்கு முதல் வரிசையில் 70.1, இரண்டாவதில் 101.3, சிவப்புக்கு இரண்டிலும் 93.5 வரும். பத்திகளை இடம் மாற்றிப் பாருங்கள். H2-வில் எப்போதும் புதிய B2-வே இருக்கிறதா என்று மட்டும் கவனியுங்கள். முதலிடம் கை மாறினால் அந்தப் படம் ஸ்லைடில் ஏற லாயக்கில்லை.

வரிசையைப் பூட்டிவிட்டாலும் பரப்பு தன் வேலையைக் காட்டும். எல்லாவற்றிலும் 6 வாங்கிய வண்டியைவிட எல்லாவற்றிலும் 8 வாங்கியது மூன்றில் ஒரு பங்குதான் மேல். படத்தில் 36-க்கு 64 என்று 78 சதவீதம் பெரிதாகத் தெரியும். `Filled Radar` வகையில் பின்னால் வரையப்பட்ட உருவம் முன்னதை மூடியும்விடும். மறைந்த வண்டிக்காகப் பேச அந்த மீட்டிங்கில் யாரும் இருக்க மாட்டார்கள்.

அடுத்தது அளவுகோல். எக்செல் ரேடாரில் எல்லா அச்சுக்கும் ஒரே அளவுகோல்தான். விலையை ரூபாயிலும் ரேஞ்சைக் கிலோமீட்டரிலும் அப்படியே போட்டால், லட்சத்தைத் தாண்டும் விலை ஒரு முள்ளாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மற்ற ஐந்தும் மையத்தில் புள்ளியாகிவிடும். அதனால் எல்லாவற்றையும் பத்துக்கு மாற்றுகிறோம். குறைந்ததுக்கு 0, அதிகமானதுக்கு 10, நடுவில் உள்ளவை விகிதப்படி என்பதுதான் பலர் கையாளும் வழி. மூன்று வண்டிகளின் ரேஞ்ச் 104, 108, 112 கி.மீ. என்று வையுங்கள். மாற்றிய பிறகு 0, 5, 10. சில்க் போர்டு சிக்னலில் ஒரு நாள் மாட்டினாலே கரைந்துபோகிற எட்டு கிலோமீட்டர், படத்தில் பூஜ்யத்துக்கும் முழு மதிப்பெண்ணுக்கும் உள்ள தூரமாகிவிடுகிறது. நான்காவதாக 60 கி.மீ. ஓடும் ஒரு வண்டியைச் சேர்த்தால் முதல் மூன்றும் திடீரென்று 8.5, 9.2, 10 ஆகிவிடும். பட்டியலில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து மதிப்பெண் ஆடினால் அது மதிப்பெண்ணே அல்ல.

மதிப்பெண்ணின் இரு முனைகளையும் வேலையை வைத்து நிர்ணயியுங்கள், பட்டியலை வைத்து அல்ல. விலை, சார்ஜ் நேரம் போன்றவற்றில் குறைவுதான் நல்லது. தலைகீழாக்க மறந்தால் விலை ஏற ஏற வண்டிக்கு மதிப்பெண் கூடும். ரேஞ்சில் இன்னொரு எச்சரிக்கை. சோதனைக்கூடத்தில் சான்றளித்த ரேஞ்ச் ஒன்று, சாலையில் நிஜமாகக் கிடைப்பது வேறு. முதலாவதுதான் பெரும்பாலும் அதிகம். ஒரு வண்டிக்கு அதையும் இன்னொன்றுக்கு இதையும் எடுத்தால் ஒப்பீடு அங்கேயே முடிந்தது.

எந்த அம்சங்களுக்கு அச்சு கொடுக்கிறீர்கள் என்பதிலும் சாய்வு உண்டு. பேட்டரி அளவு, சான்றளித்த ரேஞ்ச், சாலை ரேஞ்ச் என்று மூன்று அச்சு வைத்தால் பெரிய பேட்டரிக்கு மூன்று ஓட்டு. விற்பவர் தரும் ரேடார் படங்களில் நான் முதலில் தேடுவது இதைத்தான். அவர்கள் பலமாக உள்ள விஷயம் இரண்டு மூன்று வேறு பெயர்களில் உட்கார்ந்திருக்கும். சர்வீஸ் அச்சு காணாமல் போயிருக்கும்.

சரி, மேனேஜருக்கு என்ன கொடுப்பது? முதலில் கட்டாயத் தேவைகளைப் பிரியுங்கள். உங்கள் டெலிவரி பையன் ஒரு நாளில் அதிகபட்சம் 80 கி.மீ. ஓடுகிறான், நீல வண்டி சாலையில் 110, சிவப்பு 95 தருகிறது என்றால் ரேஞ்ச் விஷயம் அத்தோடு முடிந்தது. இரண்டும் பாஸ். 80-க்கு மேல் உள்ள ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் மதிப்பெண் கொடுப்பது வீண். ராத்திரி ஹப்பில் சார்ஜ் போடுவதாக இருந்தால், இரண்டும் காலைக்குள் நிரம்பிவிடும் என்னும்போது சார்ஜ் வேகமும் பாஸ்-ஃபெயில் கணக்கில் போய்விடும். நீலத்தின் மூன்று பெரிய 9-களில் இரண்டு இப்படி ஆட்டத்தை விட்டே வெளியேறுகின்றன. மிஞ்சுவது விலை, சர்வீஸ், இடம், பிக்கப். டெலிவரி வேலையில் வண்டி சர்வீஸ் சென்டரில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் வருமானம் போகிற நாள். பிக்கப்பை யாரும் கேட்கப்போவதில்லை. சிவப்புதான் விடை. இதே இரண்டு வண்டிகளைத் தன் சொந்தப் பணத்தில் வாங்கும் ஒரு ஐடி ஊழியர் நீலத்தை எடுக்கலாம், அதிலும் தப்பில்லை. எல்லா அச்சுக்கும் ஒரே கோணம் தரும் ரேடாரில் இந்த வித்தியாசத்தைச் சொல்ல இடமே இல்லை.

மிஞ்சிய நான்கையும் ஒரு அட்டவணையாகப் போடுங்கள். நிஜ அலகிலேயே போடுங்கள்: ரூபாய், லிட்டர், வண்டி சும்மா நின்ற நாட்கள். இரண்டு மூன்று வண்டிகளுக்கு அட்டவணையை மிஞ்சிய படம் கிடையாது. கண்டிப்பாகப் படம் வேண்டுமென்றால் பத்துக்கு மாற்றிய மதிப்பெண்களை வைத்துப் புள்ளிப் படம் போடலாம்: அம்சத்துக்கு ஒரு வரி, அதில் வண்டிக்கு ஒரு புள்ளி. எக்செல்லில் `Line with Markers` போட்டு, `Format Data Series`-ல் கோட்டை `No line` ஆக்கினால் போதும். படுக்கையாக இல்லாமல் நிற்கும், பரவாயில்லை. எல்லாப் புள்ளியும் ஒரே நேர் அளவுகோலில் இருப்பதால் எவ்வளவு வித்தியாசம் என்பது கண்ணுக்கு நேராகவே தெரியும். அம்சங்களை எப்படி மாற்றி அடுக்கினாலும் யாருடைய புள்ளியும் அந்த அளவுகோலில் ஏறவோ இறங்கவோ செய்யாது.

"இல்லப்பா, ரேடார்தான் வேணும், கிளையன்ட் கேட்டிருக்காங்க" என்று வந்துவிட்டால் சண்டை போட வேண்டாம். நிறம் நிரப்பாமல் வெறும் கோடாகப் போடுங்கள். வண்டிக்கு ஒரு சின்னப் படமாகப் பிரித்து, எல்லாவற்றிலும் அச்சு வரிசையும் 0 முதல் 10 வரையிலான அளவும் ஒன்றாக இருக்கும்படி பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எக்செல் அளவுகோலின் தொடக்கத்தையும் முடிவையும் தானாகத் தேர்ந்தெடுக்க விடாமல் 0, 10 என்று நீங்களே நிரப்புங்கள். 0-வும் 10-உம் எதைக் குறிக்கின்றன என்று கீழே ஒரு வரி. அட்டவணை அதே ஸ்லைடில் இருக்கட்டும்; இணைப்பில் தள்ளினால் யாரும் திறக்க மாட்டார்கள்.

வட்டப் படமே கூடாது என்பதல்ல. ஹப்பில் எந்த மணிக்கு எத்தனை வண்டி சார்ஜில் இருக்கிறது என்று காட்ட வேண்டுமா? 24 மணி நேரத்தையும் வட்டமாகப் போடலாம். இரவு 11-க்கு அடுத்தது 12, அதற்கடுத்தது 1. அந்த வரிசையை யாரும் கலைக்க முடியாது, கடைசியும் முதலும் உண்மையிலேயே ஒட்டிக்கொண்டவை. ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் 1858-ல் கிரிமியப் போர் மரணங்களை மாத வாரியாக வட்டத்தில் வரைந்தபோதும் இந்த நியாயம் இருந்தது. அவர் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு ஆப்பு கொடுத்து, ஆப்பின் பரப்பை அந்த மாதத்து மரண அளவுக்கு ஏற்றபடி அமைத்தார். ஒரு மாதத்தின் ஆப்பைப் பக்கத்து மாதம் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ அதில் வழியில்லை.