இடுப்பளவும் இரத்தப் பரிசோதனையும்

நீரிழிவு நோய் பல ஆண்டுகள் அறிகுறியின்றி உடலில் தங்கியிருக்கக்கூடும். எல்லாருக்கும் இரத்தப் பரிசோதனை செய்வதோ செலவு மிக்கது. யாருக்கு முதலில் செய்வது? இதற்காகச் சென்னை மருத்துவர் வி. மோகன் குழுவினர் 2005-இல் ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டனர். வயது, உடலுழைப்பு, பெற்றோருக்குள்ள நோய், இடுப்புச் சுற்றளவு ஆகிய நான்கையே அது வினவுகிறது. நூற்றுக்கு 60 அல்லது அதற்கு மேல் வந்தால் பரிசோதனை கட்டாயம் தேவை.

தில்லியில் வாழும் மாறனின் தந்தைக்கு வயது 42. அதற்கு 20 மதிப்பெண். நாள்தோறும் நடக்கிறார், ஆனால் அமர்ந்து செய்யும் வேலை, அதற்கு 20. அவருடைய தாய்க்கு மட்டும் நீரிழிவு, அதற்கு 10. ஆக 50. இனி இடுப்பளவே முடிவு செய்யும்.

“என் கால்சட்டை 34 அங்குலந்தானே!” என்றார் தந்தை. அது ஏறத்தாழ 86 செ.மீ.; ஆண்களுக்கு 90-க்குக் கீழ் மதிப்பெண் இல்லை. ஆனால் கால்சட்டையைத் தொப்பைக்குக் கீழே அன்றோ அணிகிறோம்! தந்தை மூச்சை வெளியே விட்டதும், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே நாடாவைச் சுற்றி மாறன் அளந்தான். 95 செ.மீ.! 90 முதல் 99 வரை 10 மதிப்பெண். மொத்தம் 60.

இதனால் அவருக்கு நோய் உண்டென்று பொருளில்லை. அதனை இரத்தப் பரிசோதனையே கூறும். மதிப்பெண் குறைந்தவருக்கும் மிகுந்த தாகமும் எடையிழப்பும் இருப்பின் பரிசோதனை வேண்டும்.

பயிற்சி: ஆண்களுக்கு 100 செ.மீ. முதல் 20 மதிப்பெண். பெண்களுக்கு ஒவ்வோர் எல்லையும் 10 செ.மீ. குறைவு. மாறனின் தாய்க்கு இடுப்பளவு 92 செ.மீ. எனில், அதற்குரிய மதிப்பெண் யாது?