மஞ்சள் எந்த இலையில் தொடங்கியது?

அன்புள்ள அம்மிணி,

நம் தோட்டக் குழுவுக்கு நீ எழுதிய கடிதம் என் கைக்கும் வந்தது. கறிவேப்பிலைச் செடி மஞ்சளாகிறது, என்ன மருந்து அடிக்கலாம் என்று கேட்டிருந்தாய். அவ்வளவுதான். ஒருவர் யூரியா என்றார், ஒருவர் தண்ணீரைக் குறை என்றார், மூன்றாமவர் புளித்த மோர் என்றார். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மஞ்சளைக் கண்டதும் யூரியாப் பையைத் தேடும் பழக்கம் மட்டும் எனக்குப் பொறுக்காது.

எந்த இலை முதலில் மஞ்சளானது? நீ சொல்லாமல் விட்டது இதைத்தான். தழைச்சத்து குறைந்தால் செடி முதிர்ந்த இலையிலிருந்து அதை எடுத்துக் கொழுந்துக்கு அனுப்பிவிடும். அதனால் அடியிலை முதலில் வெளுக்கும். இரும்புச்சத்து அப்படி எளிதில் இடம் மாறாது. அது குறைந்தால் கொழுந்துதான் முதலில் வெளுக்கும், நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நிற்கும்.

நேற்று வந்து பார்த்தேன். உன் செடியில் அடியிலைகள் கரும்பச்சையாகவே இருக்கின்றன, கொழுந்து வெளுத்திருக்கிறது. இலைக்கு அடியில் பூச்சி இல்லை. குழுவில் ஒருவர் சொன்ன யூரியாவை நீ போட்டபின் வந்த துளிர் இன்னும் வெளுப்பு. செடி நிற்பது புதிதாகக் கட்டிய சுற்றுச்சுவரின் ஓரம். சிறுவாணித் தண்ணீர் சமையலுக்கு, செடிக்கு உப்பேறிய போர் தண்ணீர். மண்ணை ஒரு பிடி எடுத்து வினிகர் விட்டேன்; சுர்ரென்று நுரைத்தது. சுண்ணாம்பு மிகுந்த நம் கரிசலோடு சுவர் வேலையின் சிமெண்டும் கலந்திருக்கிறது. அப்படிப்பட்ட மண்ணில் இரும்பு இருந்தும் வேருக்குக் கிட்டாது.

பிரான்சில் எசெப் கிரி என்பவர் 1840களிலேயே வெளுத்த இலையில் இரும்பு உப்புக் கரைசலைத் தடவிப் பச்சையை மீட்டார். இதைப் படித்த நாள் முதல், பார்க்கிற மஞ்சளையெல்லாம் இரும்புக் குறை என்று நினைக்கும் கிறுக்கு எனக்குண்டு. அதனால் என்னையும் அப்படியே நம்பாதே. நீர் தேங்கி வேர் அழுகினாலும் கொழுந்து இப்படி வெளுக்கும். ஒரு சாண் தோண்டிப் பார்: வேர் பழுப்பேறி, கொழகொழத்து, நாறினால் நான் சொன்னது தப்பு.

வேர் நன்றாக இருந்தால் அன்னபேதி 5 கிராமை ஒரு லிட்டர் நீரில் கரைத்து, சில துளி எலுமிச்சைச் சாறு விடு. மாலையில் நாலைந்து இலைகளின் ஒரு பாதியில் மட்டும் தூரிகையால் தடவு. பத்து நாளில் அந்தப் பாதி பச்சை பிடித்தால் இரும்புக் குறைதான். கரைசல் துருநிறமானால் கொட்டிவிடு. வேரில் ஊற்றாதே, சுண்ணாம்பு அதையும் விழுங்கிவிடும்.

பிறகு குழுவுக்குப் புதிதாக எழுது: எந்த இலை, நரம்பின் நிறம், வேர், தண்ணீர், சுவர், யூரியா, தடவிய பாதி என்ன ஆயிற்று என எல்லாவற்றையும். மருந்து எது என்று கேட்காதே, என்ன குறை என்று கேள்.

தடவிய இலைக்கு நூல் கட்டி வை. ரசத்துக்குப் பறித்துவிட வேண்டாம் என்று அம்மாவிடமும் சொல்லிவிடு.