ஸ்வோய்யா, யெவோவா? ‘தன்’ கைகொடுக்கும் இடமும் கவிழ்க்கும் இடமும்

இங்கிலீஷ்ல இவான் ‘ஹிஸ்’ மனைவியை நேசிக்கிறான்னு சொன்னா, யார் மனைவின்னு அந்தச் சொல் மட்டும் சொல்லாது. ரஷ்ய மொழி சொல்லிடும்.

“இவான் லூபித் ஸ்வயூ ஷெனூ” என்றால், தன் மனைவியை நேசிக்கிறான். “இவான் லூபித் யெவோ ஷெனூ” என்றால், வேறொருத்தன் மனைவியை! பெண்ணுக்கு ‘யெயோ’. அன்னா ‘யெயோ’ புத்தகத்தை எடுத்தாள் என்றால், அது இன்னொரு பெண்ணோட புத்தகம்.

ஸ்வோய் என்பது எழுவாய்க்கே சொந்தமானதைக் குறிக்கும், நம்ம ‘தன்’ மாதிரி. பின்னால வர்ற பெயர்ச்சொல்லுக்கு ஏத்தபடி அது உருமாறும். மேலே வந்த ‘ஸ்வயூ’ அப்படி மாறினதுதான். யெவோ, யெயோ மாறாது.

அதனால ஹிஸ், ஹெர் வந்தா முதல்ல தமிழ்ல சொல்லிப் பாருங்க. ‘தன்’ பொருந்தினா பெரும்பாலும் ஸ்வோய்.

ஆனா நான் மாட்டினது இங்கதான்: “தன் தம்பிக்கு உடம்பு சரியில்லை என்று இவான் சொல்கிறான்.” ‘தன்’ இருக்கேன்னு ஸ்வோய் போட்டேன். தப்பு. ரஷ்ய மொழியில ‘ஷ்தோ’வுக்கு (நம்ம ‘என்று’) அப்புறம் புது வாக்கியம் தொடங்குது; அதோட எழுவாய் தம்பி. எழுவாய்க்கு உள்ளேயே ஸ்வோய் உட்காராது. சரியானது: “இவான் கவரீத், ஷ்தோ யெவோ பிராத் போலென்.”

“இவானும் அவன் மனைவியும் வந்தார்கள்” என்பதிலும் அதே காரணம்தான்: “இவான் இ யெவோ ஷெனா.”

ஆக, ரெண்டு கேள்வி. உடைமைக்காரர் அந்த வினையோட எழுவாயா? அந்தச் சொல் எழுவாய்க்கு வெளியே இருக்கா? ரெண்டுக்கும் ஆமான்னா ஸ்வோய். இல்லைன்னா யெவோ, யெயோ.