நகம் கடிப்பது மனவுறுதிக் குறைவா?

நம்பிக்கை: பிடித்திருப்பதால்தான் கெட்ட பழக்கம் தொடர்கிறது. மனசு வைத்தால் விட்டுவிடலாம்.

உண்மை: அமெரிக்காவில் டேவிட் நீல், வெண்டி வுட் குழுவினர் செய்து 2011-இல் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொல்கிறது. திரையரங்குக்கு வந்தவர்களில் சிலருக்குப் புதிய பாப்கார்னும், சிலருக்கு 7 நாள் பழைய, நமத்துப்போன பாப்கார்னும் கொடுத்தார்கள். படம் பார்க்கும்போது பாப்கார்ன் கொறித்தே பழகியவர்கள், பழையது பிடிக்கவில்லை என்றாலும், புதியதைச் சாப்பிட்ட அளவுக்கே அதையும் சாப்பிட்டார்கள். அதே பாப்கார்னைச் சாதாரணக் கூட்ட அறையில் கொடுத்தபோது அப்படி நடக்கவில்லை. திரையரங்கிலேயே வழக்கமில்லாத கையால் எடுத்துச் சாப்பிடச் சொன்னபோதும் பழையதைக் குறைத்துக்கொண்டார்கள்.

பழக்கம் உருவாகும்போது தூண்டுதல், செயல், பலன் மூன்றும் வேண்டும். இருட்டு அரங்கு தூண்டுதல், கொறிப்பது செயல், ருசி பலன். பல முறை நடந்து வேரூன்றிய பிறகு, பலன் கெட்டுப்போனாலும் தூண்டுதலே கையை இழுத்துவிடுகிறது. ஆகவே பழக்கத்தை மாற்ற நினைப்பவர் தூண்டுதலைத்தான் முதலில் பிடிக்க வேண்டும்.

நம்பிக்கை: விரலில் வேப்பெண்ணெய் தடவினால் நகம் கடிப்பது போய்விடும்.

உண்மை: கசப்பு வாயைத் தடுக்கலாம், கைக்கு வேறு வேலை தராது. உளவியலாளர்கள் நேதன் அஸ்ரின், நன் இருவரும் 1973-இல் வெளியிட்ட முறை அந்த வேறு வேலையைத்தான் தருகிறது. முதலில் சில நாள்கள் கவனிக்க வேண்டும். எப்போது கை வாய்க்குப் போகிறது? டிவி பார்க்கும்போதா, பரீட்சைக்குப் படிக்கும்போதா, விரலில் ஒரு சொரசொரப்பு தட்டுப்படும்போதா? கை மேலே கிளம்பும் அந்த நொடியைக் கண்டுகொள்வதுதான் கடினமான பகுதி. பலர் கடித்து முடித்த பிறகே உணர்கிறார்கள்.

கண்டுகொண்டதும் விரல்களை இறுக மூடி, உந்துதல் தணியும்வரை ஓரிரு நிமிடம் அப்படியே வைத்திருக்க வேண்டும். கை மூடியிருந்தால் நகம் கடிக்க முடியாது, பக்கத்தில் இருப்பவருக்கும் அது தெரியாது. சொரசொரப்பு தூண்டுகிறதென்றால் நக அரத்தால் தேய்த்துவிடலாம்: பல்லால் தேடிய அதே வழவழப்பு கிடைத்துவிடும்.

நம்பிக்கை: 21 நாளில் புதிய பழக்கம் படிந்துவிடும்.

உண்மை: முக அறுவை செய்துகொண்டவர்கள் புதிய முகத்துக்குப் பழக குறைந்தது சுமார் 21 நாளாவது ஆகிறது என்று மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற மருத்துவர் 1960-இல் எழுதினார். 'குறைந்தது' என்பது நாளடைவில் உதிர்ந்துவிட்டது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் கணித்தபோது, செயலையும் ஆளையும் பொறுத்து 18 முதல் 254 நாள்வரை ஆனது, நடுமதிப்பு 66. இடையில் ஒரு நாள் தவறியது பெரிய பாதிப்பை ஏற்படுத்தவில்லை.

இவையெல்லாம் பழக்கத்துக்குத்தான் பொருந்தும், போதைக்கு அல்ல. தினமும் அதிகம் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். அவர் மருத்துவரைப் பார்த்த பிறகே குடியை நிறுத்த வேண்டும்.