ஹைரிங் மேனேஜர் யார்? நம்பிக்கைகளும் உண்மைகளும்

நம் விண்ணப்பத்தைப் பார்த்து "இவரை இன்டர்வியூவுக்குக் கூப்பிடுங்கள்" என்று முடிவு சொல்பவர் ஹைரிங் மேனேஜர். வேலை கிடைத்தால் பெரும்பாலும் அவரிடமே ரிப்போர்ட் செய்வோம். அவர் யாரென்று நிறுவனமே வெளியிட்டிருக்கும் பக்கங்களைக் கொண்டு ஓரளவு ஊகிக்கலாம். ஆனால் அதைச் சுற்றிச் சில தவறான நம்பிக்கைகளும் உலவுகின்றன.

நம்பிக்கை: லிங்க்ட்இனில் விளம்பரத்தைப் போட்டவர்தான் ஹைரிங் மேனேஜர்.

உண்மை: பெரும்பாலும் அவர் ரெக்ரூட்டர். ஆட்களைத் தேடுவது, முதல் சுற்றுப் பேச்சு, சம்பளப் பேச்சு எல்லாம் அவர் பொறுப்பு. யாரை எடுப்பது என்ற முடிவு டீமுடையது. போட்டவரின் பதவியில் 'டேலன்ட் அக்விசிஷன்' என்றோ 'ரெக்ரூட்டர்' என்றோ இருந்தால் தேடலை அங்கே நிறுத்தாதீர்கள். விளம்பரத்துக்குள்ளேயே `reports to` அல்லது `reporting to` என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். அங்கே ஆள் பெயர் அநேகமாக இருக்காது. பதவியின் பெயர் இருக்கும். அந்தப் பதவியில் இருப்பவர் யார் என்பதுதான் அடுத்த கேள்வி.

நம்பிக்கை: நிறுவனத்தின் தலைமைப் பக்கத்தில் இருக்கும் பெரிய அதிகாரிக்கு எழுதினால் போதும்.

உண்மை: தலைமைப் பக்கத்தில் இருப்பவர்கள் பல படிகள் மேலே இருப்பவர்கள். பெரிய நிறுவனத்தில் ஒரு டெவலப்பர் வேலைக்கு ஆள் எடுப்பது அவர்களுக்குக் கீழே இருக்கும் டீம் மேனேஜர். அவரை எட்ட டீமின் பெயரிலிருந்து தொடங்க வேண்டும்.

கிட்லேப் நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். தன் உள்நிர்வாகக் கையேட்டை `handbook.gitlab.com` முகவரியில் எல்லோரும் படிக்கும்படி வைத்திருக்கிறது. அதன் விளம்பரத் தலைப்பு `Backend Engineer, Verify: Pipeline Execution` என்ற பாணியில் வந்தால், முதலில் இருப்பது வேலை, அடுத்தது பெரிய பிரிவு, கோலனுக்குப் பின் இருப்பது டீம். கையேட்டில் டீம்களைப் பட்டியலிடும் பக்கத்தில் ஒவ்வொரு டீமுக்கும் கீழே அதன் பொறுப்பாளர்களைக் காணலாம். அங்கே `Engineering Manager` என்பதற்கு எதிரே இருப்பவரே பேக்எண்ட் வேலைக்கு ஊகிக்கத் தக்கவர்.

இவ்வளவு திறந்த கையேடு மற்ற நிறுவனங்களில் அபூர்வம். அங்கே லிங்க்ட்இன் நிறுவனப் பக்கத்தின் `People` பகுதியில் டீமின் பெயரையும் பதவியையும் சேர்த்துத் தேட வேண்டும். நிறுவனத்தின் தொழில்நுட்பக் கட்டுரைகளிலும் மாநாட்டுப் பேச்சுகளிலும் "இந்த டீமை நடத்துகிறேன்" என்று சொல்பவரும் நல்ல தடயம்.

நம்பிக்கை: பதவியில் 'மேனேஜர்' என்று இருந்தால் அவர் ஆள் எடுப்பவர்.

உண்மை: புராடக்ட் மேனேஜர் பொருளை நிர்வகிப்பவர், அக்கவுன்ட் மேனேஜர் வாடிக்கையாளரைக் கவனிப்பவர். இருவருக்கும் கீழே ஒருவர்கூட ரிப்போர்ட் செய்யாமல் இருக்கலாம். கிட்லேப் பக்கத்தில் ஒரே டீமுக்குக் கீழே புராடக்ட் மேனேஜரும் என்ஜினியரிங் மேனேஜரும் இருப்பார்கள். டெவலப்பர் வேலைக்கு இரண்டாமவரைப் பாருங்கள். புராடக்ட் மேனேஜர் வேலைக்கே விண்ணப்பிக்கிறீர்கள் என்றால் இருவருமே இல்லை; புராடக்ட் பிரிவில் ஒரு படி மேலே போக வேண்டும். மேனேஜர் இடமே காலியாக இருந்து அதற்கு ஆள் தேடினாலும் இதே விதிதான்.

நம்பிக்கை: பெயர் கிடைத்துவிட்டால் உறுதி.

உண்மை: டீம்கள் அடிக்கடி மாற்றி அமைக்கப்படுகின்றன, பக்கங்கள் அதைவிட மெதுவாகவே மாறுகின்றன. ஒன்றையொன்று சாராத இரண்டு தடயங்களாவது ஒரே ஆளைக் காட்ட வேண்டும். உதாரணமாக, நிறுவனப் பக்கத்தில் அவர் பெயர் இருக்கிறது. அவரே தன் லிங்க்ட்இனில் "என் டீமில் இடம் இருக்கிறது" என்று அண்மையில் எழுதியிருக்கிறார். இரண்டும் முரண்பட்டால் தேதி புதியதாக இருப்பதை நம்புங்கள். ஒரே தடயம்தான் கிடைத்தது என்றால் அது ஊகம் மட்டுமே.

தேடியே பயனில்லாத இடங்களும் உண்டு. இன்ஃபோசிஸ் போன்ற நிறுவனங்கள் புதிய பட்டதாரிகளைக் கூட்டமாக எடுத்து, பயிற்சி தந்த பிறகே ப்ராஜெக்டுக்கு அனுப்புகின்றன. கூகிளில் பல சாஃப்ட்வேர் வேலைகளுக்கு இன்டர்வியூ முடிந்த பிறகே டீம் பொருத்தப்படுகிறது. விளம்பரத்தில் குறிப்பிட்ட டீமின் பெயர் இல்லையென்றால், விண்ணப்பிக்கும் நேரத்தில் குறிப்பிட்ட மேனேஜரே இல்லாமலும் இருக்கலாம்.

எழுதும்போதும் ஊகத்தை ஊகமாகவே வையுங்கள். "இந்த வேலை உங்கள் டீமைச் சேர்ந்தது என்று நினைக்கிறேன்; இல்லையென்றால் உரியவரிடம் அனுப்ப முடியுமா?" என்று கேட்டு, வேலைக்கான எண்ணையும் உங்கள் தகுதியைச் சொல்லும் இரண்டே வரிகளையும் சேர்த்து எழுதுங்கள். அவர் பொதுவில் தராத கைபேசி எண்ணையோ சொந்த மின்னஞ்சலையோ தோண்டி எடுக்காதீர்கள். முறையான விண்ணப்பத்தையும் நிறுவனத் தளத்தில் கட்டாயம் போட்டு வையுங்கள். மேனேஜருக்கு உங்களைப் பிடித்தாலும், அந்த விண்ணப்பம் இல்லாமல் ரெக்ரூட்டரால் உங்களை அடுத்த சுற்றுக்கு நகர்த்துவது கடினம்.