மாலைக்கண் பார்க்கும் இளம் மருத்துவருக்கு



பெரம்பலூர், அரியலூர் பக்கத்துக் கிராமங்களில் பணியேற்கும் மருத்துவரிடம், பொழுது சாய்ந்தால் பிள்ளை வாசற்படியில் இடறுகிறது, தட்டிலுள்ள சோற்றைக் கையால் தடவித் தேடுகிறது என்று ஒரு தாய் சொன்னால், விழித்திரையில் எந்தக் கண்ணி அறுந்திருக்கிறது என்பதே அவர் முதலில் யோசிக்க வேண்டியது.

மங்கிய ஒளிக்கு உரிய கோல் செல்களில் இருக்கும் ரோடாப்சின், ஆப்சின் என்ற புரதமும் வைட்டமின் ஏ-யிலிருந்து உண்டாகும் ரெட்டினால் என்ற வளைந்த சிறு மூலக்கூறும் சேர்ந்தது. ஒரே ஓர் ஒளித்துகள் (ஃபோட்டான்) பட்டதும் ரெட்டினால் நிமிர்ந்துகொள்ள, ஆப்சின் உருமாறி, சவ்வில் மிதந்து வரும் டிரான்ஸ்டியூசின் புரதங்களை அடுத்தடுத்துத் தூண்டிவிடுகிறது. நூற்றுக்கணக்கில் என்று பழைய பாடநூல்கள் சொன்னாலும், சுண்டெலியின் கோல் செல்லுக்கான பிந்தைய மதிப்பீடுகள் 10 முதல் 20 வரையில்தான் நிற்கின்றன. தூண்டப்பட்ட டிரான்ஸ்டியூசின், பாஸ்போடைஎஸ்டரேஸ் நொதியின் மேல் அமர்ந்திருக்கும் தடுப்பு அலகுகளில் ஒன்றை மட்டும் விலக்குவதால், அந்தப் படியில் பெருக்கம் ஏதும் இல்லை. அடுத்த பெருக்கம் அதன் பின்னரே வருகிறது: நொதிகளில் மிக வேகமானவற்றுள் ஒன்றான அது, சுழல் ஜிஎம்பி என்ற செய்தி மூலக்கூறுகளை ஏராளமாகச் சிதைக்க, அவற்றால் திறந்திருந்த அயனி வழிகள் மூடிக்கொள்கின்றன, அதுவே நரம்புக்குப் போகும் செய்தி.

வைட்டமின் ஏ குறைந்த குழந்தையிடம் இந்தப் பெருக்கும் இயந்திரம் பழுதடைவதில்லை. ஒளியைப் பிடிக்கும் ரெட்டினால்தான் போதாமல் போகிறது. போதாததற்கு, வெறுமையாய் நிற்கும் ஆப்சின் இருட்டிலும் டிரான்ஸ்டியூசினைச் சிறிது தூண்டிக்கொண்டே இருப்பதால், வெளிச்சத்தில் இருப்பது போலக் கோல் செல்லின் கூர்மை மழுங்குகிறது.

இந்தக் குறையைக் கண் மட்டும் சுமப்பதில்லை. பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி மாவட்டத்துக்குள் இருந்த காலத்தில், அம்மாவட்டத்தில் ரஹ்மத்துல்லாவும் சகாக்களும் 15,000-க்கு மேற்பட்ட சிறு குழந்தைகளிடம் நடத்தி 1990-இல் வெளியிட்ட ஆய்வில், வாரம் 8,333 அலகு வைட்டமின் ஏ பெற்றவர்களிடையே ஓராண்டு இறப்பு 54 விழுக்காடு குறைந்திருந்தது. மாலைக்கண்ணை வெறும் பார்வைக் கோளாறு என்று எழுதி அனுப்பிவிடக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

வெண்விழியின் ஓரத்தில் சோப்பு நுரை போன்ற வெண்திட்டு, அதாவது பிட்டோ புள்ளி, தெரிந்தால் ஐயம் வலுக்கும். ஒரு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு 2 லட்சம் அலகை அன்றும், மறுநாளும், இரண்டு வாரம் கழித்தும் வாய்வழி கொடுக்கும்போது, குறை இதுவேயானால் ஓரிரு நாளிலேயே அந்திப் பார்வை தெளியத் தொடங்கும். தெளியாத பிள்ளையின் வீட்டில் சொந்தத்தில் திருமணம் நடந்திருந்தால், ரோடாப்சினின் அல்லது பாஸ்போடைஎஸ்டரேஸின் மரபணுவே பிழைபட்டிருக்கக்கூடிய நிறமி விழித்திரைச் சிதைவை நினைக்க வேண்டும். அங்கே கோல் செல்லே அழிந்துகொண்டிருப்பதால், மேலும் மேலும் வைட்டமின் ஊற்றுவது பயன் தராது, அளவு மீறினால் நஞ்சும் ஆகும். சிறு வயதில் கரும்புள்ளிகள் இன்னும் தோன்றாமல் விழித்திரை இயல்பாகவே தெரியலாம் என்பதால், அத்தகைய பிள்ளையை விழித்திரை மின்பதிவு எடுக்கும் வசதியுள்ள இடத்துக்கு அனுப்புவதே முறை.